பெருக்கம் தெரியாத பெருக்கி

எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களிடம் 741 என்ற எண்ணைச் சொன்னால் போதும், பழைய வகுப்புத் தோழனின் பெயரைக் கேட்டதுபோல் சிரிப்பார்கள். எட்டுக் கால், கறுப்பு உடல், தலைப்பக்கம் அடையாளத்துக்குச் சின்னதாக ஒரு பள்ளம். 1968-இல் அமெரிக்காவின் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் டேவ் ஃபுல்லாகர் என்பவர் வடிவமைத்த இந்த ஐ.சி. இன்றும் கடைகளில் கிடைக்கிறது. ஆப்-ஆம்ப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் குடும்பத்தில் இதுவே மிகவும் பிரபலமானது. அதன் வேலை ஒன்றே ஒன்றுதான். 2-ஆம் காலுக்கும் 3-ஆம் காலுக்கும் இடையே எவ்வளவு மின்னழுத்த வேறுபாடு இருக்கிறது என்று பார்க்கும். அதைப் பல்லாயிரம் மடங்காக்கி 6-ஆம் காலில் தரும்.

சரி, எத்தனை ஆயிரம் மடங்கு?

இங்கேதான் வேடிக்கை. இந்த ஐ.சி.யின் சாதாரண ரகத்துக்கான டேட்டாஷீட்டைப் பிரித்தால், பெருக்கம் பொதுவாக 2,00,000 மடங்கு என்று ஒரு கட்டத்தில் இருக்கும். பக்கத்துக் கட்டத்தில் குறைந்தபட்சம் 20,000 என்று இருக்கும். அதாவது, வாங்கிவந்த ஐ.சி. இரண்டு லட்சம் மடங்கும் பெருக்கலாம், இருபதாயிரம் மடங்கும் பெருக்கலாம். இரண்டுமே நல்ல சரக்குதான், திருப்பிக் கொடுக்க முடியாது. "இந்த மூட்டையில் பத்துக் கிலோவும் இருக்கலாம், நூறு கிலோவும் இருக்கலாம்" என்று சொல்லி ஒருவர் அரிசி விற்றால் அந்தக் கடைப் பக்கம் யாராவது போவார்களா? அது மட்டுமல்ல. வெயில் ஏறினால் இந்தப் பெருக்கம் மாறும், மின்சப்ளை மாறினால் மாறும், வெளியே இணைக்கும் சுமையைப் பொறுத்தும் மாறும்.

ஆனால் இதே ஐ.சி.யை வைத்து "எனக்குச் சரியாக 100 மடங்கு வேண்டும்" என்று கேட்கும் பொறியாளருக்கு 100 மடங்கு கிடைத்துவிடுகிறது. இன்று மாட்டினாலும் 100, கோடையில் சோதித்தாலும் 100, ஐ.சி.யைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகினாலும் 100. அந்த நூறைத் தீர்மானிப்பவை வெளியே நிற்கும் இரண்டு ரெசிஸ்டர்கள். அவற்றின் மதிப்பு என்ன என்பதுகூட இரண்டாம்பட்சம். ஒன்று மற்றொன்றைப்போல் எத்தனை மடங்கு என்ற விகிதம்தான் கணக்கு.

எப்படி என்று பார்க்க ஒரு மைக்கை எடுத்துக்கொள்வோம். மேடையில் பேசுகிறவரின் கையில் இருக்கும் மைக்கிலிருந்து சில மில்லிவோல்ட்தான் வரும். ஒரு கணத்தில் 10 மில்லிவோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நூறு மடங்காக்கி 1 வோல்ட்டாக மாற்ற வேண்டும்.

மைக்கின் கம்பி 741-இன் 3-ஆம் காலுக்குப் போகிறது. வெளியீடான 6-ஆம் காலிலிருந்து ஒரு 99 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதன் மறுமுனையிலிருந்து ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அது கிரவுண்டில் முடிகிறது. இரண்டு ரெசிஸ்டர்களும் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு கம்பி 2-ஆம் காலுக்கு. அவ்வளவுதான் சுற்று. (கடையில் 99 கிலோ ஓம் கேட்டால் கிடைக்காது. 100 கிலோ ஓம் வாங்கிப் போட்டால் 101 மடங்கு வரும். கணக்கு நேராக வரட்டும் என்று இங்கே 99.)

அந்த இரண்டு ரெசிஸ்டர்களும் சேர்ந்து வெளியீட்டை நூறு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை மட்டும் 2-ஆம் காலிடம் காட்டுகின்றன. வெளியீடு 1 வோல்ட் என்றால் 2-ஆம் காலில் 10 மில்லிவோல்ட். வெளியீடு அரை வோல்ட் என்றால் 5 மில்லிவோல்ட்.

இப்போது ஒவ்வொரு நொடித்துகளாக நடப்பதைப் பார்க்கலாம். மைக்கிலிருந்து 10 மில்லிவோல்ட் வந்து சேர்கிறது. வெளியீடு இன்னும் பூஜ்யம். ஆகவே 2-ஆம் காலிலும் பூஜ்யம். இரண்டு கால்களுக்கும் இடையே 10 மில்லிவோல்ட் வேறுபாடு. ஐ.சி. அதைப் பார்க்கிறது. இரண்டு லட்சத்தால் பெருக்கினால் 2,000 வோல்ட்! அவ்வளவு தர அதனிடம் சரக்கு இல்லை. ஆனால் அந்தத் திசையில் ஓடத் தொடங்குகிறது. வெளியீடு ஏறுகிறது. ஏற ஏற, அதன் நூறில் ஒரு பங்கு 2-ஆம் காலிலும் ஏறுகிறது. வெளியீடு அரை வோல்ட்டைத் தொடும்போது வேறுபாடு 5 மில்லிவோல்ட்டாகக் குறைந்திருக்கிறது, ஐ.சி. இன்னும் தள்ளுகிறது. 0.9 வோல்ட்டில் வேறுபாடு 1 மில்லிவோல்ட், இன்னும் தள்ளுகிறது. 1 வோல்ட்டை நெருங்கும்போது 2-ஆம் காலும் 10 மில்லிவோல்ட்டை நெருங்கிவிடுகிறது. வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. தள்ளுவதற்குக் காரணமும் இல்லை. வெளியீடு அங்கேயே நிற்கிறது. ஏதோ காரணத்தால் 1 வோல்ட்டைத் தாண்டிவிட்டால் 2-ஆம் கால் 3-ஆம் காலைவிட உயர்ந்துவிடும், வேறுபாடு தலைகீழாகும், ஐ.சி. வெளியீட்டைக் கீழே இழுக்கும்.

வெளியீட்டின் ஒரு பகுதியை, அதை எதிர்க்கும் விதமாகவே உள்ளே திருப்பி அனுப்பும் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் எதிர்ப்பின்னூட்டம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நூறு என்ற எண் ஐ.சி.க்குத் தெரியவே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் "இரண்டு காலும் சமமாகும்வரை தள்ளு" என்பது மட்டும். எந்த இடத்தில் சமமாகும் என்பதை முடிவு செய்வது ரெசிஸ்டர் ஜோடி. நூறால் வகுத்தால் 10 மில்லிவோல்ட் வரக்கூடிய மின்னழுத்தம் எது? 1 வோல்ட். ஐ.சி. அதைத் தேடிப்பிடிக்கும் வேலைக்காரன். விடை முன்பே ரெசிஸ்டர்களில் எழுதப்பட்டிருக்கிறது. பெருக்குவது கடினம், வகுப்பது எளிது என்பதே இதிலுள்ள சூட்சுமம். மின்னழுத்தத்தைத் துல்லியமாக நூறு மடங்காக்க நிலையான ஒரு பெருக்கி வேண்டும். அது யாரிடமும் இல்லை. துல்லியமாக நூறால் வகுக்க இரண்டு ரெசிஸ்டர் போதும். எதிர்ப்பின்னூட்டம் வகுத்தலைத் திருப்பிப்போட்டுப் பெருக்கலாக்குகிறது.

"கிட்டத்தட்ட இல்லை" என்று சொன்ன அந்த வேறுபாட்டுக்குத் திரும்புவோம். அது முழுதாகப் பூஜ்யமானால் வெளியீடும் பூஜ்யமாகிவிடும் அல்லவா? ஆகவே ஒரு துளி மிச்சம் இருந்தே தீரும். 1 வோல்ட்டைத் தாங்கிப்பிடிக்க, இரண்டு லட்சம் மடங்கு பெருக்கும் ஐ.சி.க்கு 5 மைக்ரோவோல்ட் வேறுபாடு வேண்டும். 10 மில்லிவோல்ட்டில் அது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு வெளியீடு குறைவாக நிற்கும்: 1 வோல்ட்டுக்குப் பதில் 0.9995 வோல்ட். பெருக்கம் 99.95.

இப்போது கடையிலிருந்து வந்தது மட்டமான துண்டு, இருபதாயிரம் மடங்குதான் பெருக்கும் என்று கொள்வோம். 1 வோல்ட்டைத் தாங்க அதற்குச் சுமார் 50 மைக்ரோவோல்ட் வேண்டும். வெளியீடு 0.995 வோல்ட்டில் நிற்கும். பெருக்கம் 99.5. ஐ.சி.யின் சொந்தப் பெருக்கம் பத்தில் ஒன்றாகச் சரிந்தும், சுற்றின் பெருக்கம் அரை சதவீதம்கூடக் குறையவில்லை. ஐ.சி.யின் குறை, இலக்கை எவ்வளவு நெருங்குகிறது என்பதில்தான் தெரிகிறது. இலக்கு எங்கே என்பதில் அதற்குப் பங்கில்லை.

கணக்கில் பிரியமுள்ளவர்களுக்காக ஒரே ஒரு சூத்திரம். ஐ.சி.யின் பெருக்கம் A, திருப்பி அனுப்பப்படும் பங்கு β என்றால், சுற்றின் பெருக்கம் G:

```
G = A / (1 + A × β)
```

நம் மைக் சுற்றில் β நூறில் ஒன்று. A × β என்பது 2,000. அந்த 2,000-க்குப் பக்கத்தில் நிற்கும் 1-ஐ யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். அதை விட்டுவிட்டால் மேலே ஒரு A, கீழே ஒரு A. இரண்டும் அடிபட்டுப் போய் 1/β மட்டும் மிஞ்சுகிறது. அது நூறு. ஐ.சி. கணக்கிலிருந்தே காணாமல் போய்விட்டது.

விகிதம் மட்டும் ஏன் போதும் என்பதற்கும் இங்கேயே காரணம் இருக்கிறது. 2-ஆம் கால் மின்னோட்டம் எதையும் உறிஞ்சுவதில்லை என்றே சொல்லலாம். ஆகவே 99 கிலோ ஓமில் ஓடும் அதே மின்னோட்டம்தான் 1 கிலோ ஓமிலும் ஓடுகிறது. மின்னழுத்தம் 99 பங்கு மேலே, 1 பங்கு கீழே என்று விழுகிறது. இரண்டையும் இரட்டிப்பாக்கினால் மின்னோட்டம் பாதியாகும், பங்கு மாறாது. வெயிலில் சுற்று 40 டிகிரி சூடேறுகிறது என்று வையுங்கள். சாதாரண மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் நூறு பங்கு மாறக்கூடியது. 40 டிகிரிக்கு 0.4 சதவீதம். 99 கிலோ ஓம் 99.396 ஆகிறது; 1 கிலோ ஓம் 1.004 ஆகிறது. வகுத்துப் பாருங்கள், மறுபடியும் 99. இரண்டும் ஒரே ரகமாக இருந்து ஒரே சூட்டை உணர்ந்தால் போதும். பொறியாளர்கள் இப்படிப்பட்ட ரெசிஸ்டர்களை ஒன்றை ஒன்று ஒட்டி வைப்பதும், ஒரே உறைக்குள் அடைத்த ஜோடியாக வாங்குவதும் இதற்காகத்தான்.

இதற்கெல்லாம் விலை உண்டு. இரண்டு லட்சம் மடங்கு பெருக்கக்கூடிய ஒன்றை நூறு மடங்குக்குப் பயன்படுத்துகிறோம். மீதி இரண்டாயிரம் மடங்கைத் தூக்கி எறிகிறோம். எறிந்த அந்த இரண்டாயிரத்துக்குக் கைமாறாகத்தான், ஐ.சி.யில் ஏற்படும் ஒவ்வொரு தடுமாற்றமும் இரண்டாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. A பாதியாகக் குறைந்தால் G குறைவது 0.05 சதவீதம்.

கையில் இருக்கும் பெருக்கத்தை வேண்டுமென்றே வீணாக்குவது என்ற எண்ணம் ஒரு காலத்தில் கிறுக்குத்தனமாகப் பட்டது. 1920-களில் பெருக்கி என்றால் வால்வு. ஒவ்வொரு வால்வும் விலை உயர்ந்தது. அதிலிருந்து முடிந்த மட்டும் பெருக்கத்தைக் கறப்பதே பொறியாளரின் திறமை. அமெரிக்காவின் நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பிகளில் குரல் தேய்ந்துபோகாமல் இருக்க, வழியெங்கும் பெருக்கிகளை வைத்திருந்தார்கள். வால்வின் பெருக்கமோ மின்சப்ளைக்கும் வயதுக்கும் ஏற்ப அலைபாயும். ஒரு பெருக்கியில் 1 சதவீதப் பிசகு என்றால் காதுக்குத் தெரியாது. ஐம்பது பெருக்கிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் 1 சதவீதம் குறைத்தால், கடைசியில் வருவது அறுபது சதவீதம்தான். குறை அதோடு நிற்கவில்லை. ஒரே கம்பியில் பல உரையாடல்களைச் சேர்த்து அனுப்பும்போது, வால்வு உண்டாக்கும் சிதைவால் ஒருவர் பேச்சு இன்னொருவர் பேச்சோடு கலந்தது.

பெல் ஆய்வகத்தில் இந்தச் சிக்கலோடு ஆறு ஆண்டுகள் மல்லுக்கட்டியவர் ஹரால்டு பிளாக். அவர் முதலில் கண்டுபிடித்த வழி வேறு: சிதைவை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, தனியே பெருக்கி, வெளியீட்டிலிருந்து கழித்துவிடுவது. கொள்கையளவில் அது வேலை செய்தது. ஆனால் அந்தக் கழித்தல் சரியாக அமைய இரண்டு பெருக்கிகளும் அச்சுப்பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். வால்வுகளை மணிக்கொரு தரம் யாராவது திருகிச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

1927 ஆகஸ்ட் 2 காலை, 29 வயது பிளாக் வழக்கம்போல் ஹோபோக்கனிலிருந்து ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வெளியீட்டைத் தலைகீழாக்கி உள்ளீட்டுக்கே திருப்பிவிட்டால் என்ன என்பது அப்போது அவருக்குத் தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் வெற்றிடத்தில் படமும் சமன்பாடும் எழுதிக் கையெழுத்திட்டார். அந்தத் தாள் பிழைத்திருக்கிறது. அந்த ஆண்டு முடிவதற்குள் சோதனைச் சுற்று ஒன்று, சிதைவை ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டியது. ஆனாலும் 1928-இல் விண்ணப்பித்த காப்புரிமை அவருக்குக் கிடைத்தது 1937 டிசம்பரில். ஒன்பது ஆண்டுக்கு மேல். வெளியீட்டை உள்ளே திருப்பியனுப்பினால் சுற்று ஊளையிடும் என்பதுதான் அன்றைய வல்லுநர்களின் பட்டறிவு. அதை வைத்து உறுதி கொண்டுவரலாம் என்றால் நம்புவார்களா?

அவர்கள் பயந்ததில் நியாயமும் இருந்தது. கல்யாண வீட்டில் மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே பிடித்தால் காதைப் பிளக்கும் "கூய்ய்" சத்தம் எல்லோருக்கும் தெரியும். அங்கே வெளியீடு உள்ளீட்டுக்குத் துணைபோகும் விதமாகத் திரும்பி வருகிறது. ஒன்றை ஒன்று ஊட்டி வளர்க்கிறது. எதிர்ப்பின்னூட்டத்தில் வெளியீடு எதிர்க்கும் விதமாகத் திரும்ப வேண்டும். ஆனால் எந்தப் பெருக்கியிலும் சிக்னல் உள்ளே போய் வெளியே வரக் கொஞ்சம் நேரமாகும். அதிர்வெண் கூடக்கூட அந்தத் தாமதம் பெரிதாகத் தெரியும். ஓர் அதிர்வெண்ணில் சிக்னல் அரைச் சுற்று தாமதித்து வந்தால், "எதிர்" என்று அனுப்பியது "துணை" என்று வந்து சேரும். அந்த அதிர்வெண்ணில் பெருக்கம் இன்னும் மிச்சமிருந்தால் சுற்று தானாகவே ஊளையிடும். எப்போது ஊளையிடும், எப்போது இடாது என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் அதே பெல் ஆய்வகத்தின் ஹாரி நைக்விஸ்ட், 1932-இல்.

741 பிரபலமானதற்குக் காரணமே இந்த ஊளையை உள்ளேயே அடக்கியதுதான். அதற்கு மூன்று ஆண்டு முன்பு அதே நிறுவனத்தில் பாப் விட்லர் வடிவமைத்த 709-க்கு, வெளியே கெப்பாசிட்டர்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். தவறினால் ஆட்டம் போடும். ஃபுல்லாகர் 30 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை ஐ.சி.க்குள்ளேயே வைத்துவிட்டார். அதிர்வெண் கூடக்கூடப் பெருக்கத்தை அது சீராகக் குறைக்கிறது. தாமதம் ஆபத்தான அளவை எட்டுவதற்குள் பெருக்கம் ஒன்றுக்குக் கீழே போய்விடும்; ஊளையிட வலுவிருக்காது.

இந்தப் பாதுகாப்புக்கும் விலை உண்டு. இதைத்தான் பல மாணவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். டேட்டாஷீட் சொல்லும் அந்த இரண்டு லட்சம், வினாடிக்கு ஐந்து அதிர்வு வரைக்கும்தான்! அதற்குப் பிறகு அதிர்வெண் பத்து மடங்கானால் பெருக்கம் பத்தில் ஒன்றாகிறது. 1,000 ஹெர்ட்ஸில் மிஞ்சுவது சுமார் ஆயிரம் மடங்கு. 10,000 ஹெர்ட்ஸில் நூறு. 20,000 ஹெர்ட்ஸில் ஐம்பது. 10 லட்சம் ஹெர்ட்ஸில் ஒன்று. அதாவது பெருக்கமே இல்லை.

நம் மைக் சுற்றுக்குத் திரும்பி வந்து பாருங்கள். 1,000 ஹெர்ட்ஸில், ஆயிரம் மடங்கு கையிருப்பை வைத்துக்கொண்டு நூறு மடங்கு கேட்கிறோம். கிடைப்பது 99.5, பரவாயில்லை. (மேலே உள்ள சூத்திரத்தில் நேரடியாக எண்ணைப் போட்டால் 91 என்று வரும். கெப்பாசிட்டரால் ஏற்படும் கால்சுற்றுத் தாமதத்தையும் சேர்த்தால்தான் 99.5 வரும், நமக்குச் சாதகமான தாமதம்.) 10,000 ஹெர்ட்ஸில் 71-க்கு இறங்குகிறது. 20,000 ஹெர்ட்ஸில் 45. அங்கே ஐ.சி.யின் சொந்தப் பெருக்கமே ஐம்பதுதான், நூறு எங்கிருந்து வரும்? வீணாக்க எதுவும் மிச்சமில்லாத இடத்தில் ரெசிஸ்டர் விகிதம் வெறும் விண்ணப்பமாகிவிடுகிறது. காதில் இது எப்படிக் கேட்கும் என்றால், பேச்சு புரியும். ஆனால் "ஸ்", "ஷ்" போன்ற கூரிய ஒலிகளும் ஜால்ராவின் கிணுகிணுப்பும் மழுங்கியிருக்கும்.

இதற்கு மருந்தும் அதே கணக்கிலேயே இருக்கிறது. ஒரே ஐ.சி.யிடம் நூறு கேட்காமல், இரண்டு 741-களை அடுத்தடுத்து வைத்து ஒவ்வொன்றிடமும் பத்து கேளுங்கள். 20,000 ஹெர்ட்ஸில் ஐம்பது மடங்கு கையிருப்புள்ள ஒன்று பத்துக்கு 9.8 தந்துவிடும். இரண்டும் சேர்ந்து 96. நாற்பத்தைந்து எங்கே, தொண்ணூற்றாறு எங்கே! அல்லது ஆடியோ வேலைக்கென்றே வந்த 5532 போன்ற ஐ.சி.யைப் போடலாம். 741-ஐப்போல் பத்து மடங்கு வேகமானது. ஒரே கட்டத்தில் 98 தரும்.

சுற்று ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. பழகிய கைகள் முதலில் இதைத்தான் செய்யும். மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து 2-ஆம் காலுக்கும் 3-ஆம் காலுக்கும் குறுக்கே பிடிக்க வேண்டும். ஓரிரு மில்லிவோல்ட்டுக்குள் காட்டினால் பின்னூட்டம் உயிரோடு இருக்கிறது. நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் காட்டினால் சங்கிலி எங்கோ அறுந்திருக்கிறது: 99 கிலோ ஓமின் ஈயம் விட்டுப்போயிருக்கலாம், இரண்டு கால்களும் இடம்மாறி இணைக்கப்பட்டிருக்கலாம், அல்லது உள்ளீடு அளவுக்கு மீறியிருக்கலாம். கடைசியாகச் சொன்னது அடிக்கடி நடப்பது. கூட்டல் 15, கழித்தல் 15 வோல்ட் சப்ளையில் ஓடும் 741-ஆல் ஏறக்குறைய 13, 14 வோல்ட்டுக்கு மேல் போக முடியாது. பேசுகிறவர் மைக்கில் உரக்கக் கத்தி 200 மில்லிவோல்ட் வந்தால், விகிதப்படி 20 வோல்ட் வர வேண்டும். வராது. அலையின் தலையும் காலும் தட்டையாக வெட்டுப்பட்டு, கரகரப்பாகக் கேட்கும். அந்த நேரத்தில் ரெசிஸ்டர்களின் பேச்சை ஐ.சி. கேட்பதில்லை.

அந்த ஓரிரு மில்லிவோல்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். நாம் கணக்குப் போட்டது மைக்ரோவோல்ட்டில் அல்லவா? உள்ளே இருக்கும் இரண்டு உள்ளீட்டு டிரான்சிஸ்டர்களும் இரட்டைப் பிள்ளைகள்போல் இருந்தாலும் அச்சு அசலாக ஒன்றல்ல. அதனால் இரண்டு காலும் சமம் என்று ஐ.சி. நினைக்கும் இடம் கொஞ்சம் தள்ளியிருக்கிறது. 741-இல் பொதுவாக 1 அல்லது 2 மில்லிவோல்ட். பின்னூட்டம் இதைத் திருத்தாது. அது உள்ளீட்டோடு சேர்ந்தே நூறு மடங்காகி வெளியீட்டில் 200 மில்லிவோல்ட் வரை நிரந்தரமாக நிற்கும். அரிசி எவ்வளவு சரியாக நிறுத்தாலும், முள்ளே கோணலான தராசு கோணலைத்தான் காட்டும். பேச்சையும் பாட்டையும் மட்டும் கையாளும் சுற்றில் ஒரு கெப்பாசிட்டரை வைத்து அதைத் தடுத்துவிடலாம். வெப்பமானியிலோ எடைபார்க்கும் கருவியிலோ முடியாது. அங்கே 741 வேண்டாம், வேறு பாருங்கள் என்பதே நேர்மையான பதில்.

விகிதம் மட்டும்தான் கணக்கு என்று சொன்னோம். அப்படியானால் 99 ஓமும் 1 ஓமும் போட்டாலும் நூறு மடங்கு வருமா? 99 மெகா ஓமும் 1 மெகா ஓமும் போட்டால்? காகிதத்தில் வரும். 99 ஓம் ஜோடியில் 10 வோல்ட் வெளியீட்டுக்கு 100 மில்லிஆம்பியர் ஓட வேண்டும். 741-ஆல் தர முடிந்தது சுமார் 25 மில்லிஆம்பியர். மெகா ஓம் ஜோடியில் சிக்கல் எதிர்ப்புறத்தில். மின்னோட்டம் உறிஞ்சுவதில்லை என்று சொன்ன அந்த 2-ஆம் கால், உண்மையில் 80 நானோஆம்பியர் அளவில் ஒரு சிறு சொட்டு உறிஞ்சத்தான் செய்கிறது. 99 மெகா ஓம் வழியே அந்தச் சொட்டு வந்தாலே கிட்டத்தட்ட 8 வோல்ட் வெளியீட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும், மைக்கில் யாரும் வாயே திறக்காதபோதும். ஆகவே ஆயிரம் ஓமிலிருந்து லட்சம் ஓம் வரையிலான இடைவெளிதான் பாதுகாப்பான வீதி. அந்த வீதிக்குள் விகிதம் மட்டுமே ஆட்சி செய்யும்.

கடைசியில் பிழையின் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். மெதுவான சிக்னல்களில் ஐ.சி.யால் வரும் பிழை 0.05 சதவீதம். நாம் வாங்கிய ரெசிஸ்டர்கள் 1 சதவீத ரகம் என்றால், ஒன்று 1 சதவீதம் கூடியும் மற்றது 1 சதவீதம் குறைந்தும் வந்துவிட்டால் பெருக்கம் 98-இலிருந்து 102 வரை எங்கும் நிற்கலாம். நாற்பது மடங்கு பெரிய பிழை, சில்லறைக் காசுக்கு வாங்கிய பாகத்திலிருந்து! ரெசிஸ்டரை ஐ.சி.க்குள்ளேயே செய்துவிடலாமே என்றால், அங்கே ஒரு விநோதம். சிலிக்கனில் பதிக்கும் சாதாரண ரெசிஸ்டரின் மதிப்பு 20 சதவீதம்கூடத் தவறிப்போகும். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் பதித்த இரண்டு ரெசிஸ்டர்கள் ஒரே மாதிரி தவறும், அவற்றின் விகிதம் 1 சதவீதத்துக்குள் நிற்கும். மதிப்பு தெரியாத பெருக்கி, மதிப்பு தெரியாத இரண்டு ரெசிஸ்டர்கள், ஆனால் நம்பகமான பெருக்கம். ஐ.சி. தொழிலே இந்த விநோதத்தின் மேல் நடக்கிறது.

ஓர் ஐ.சி. சாக்கெட்டும், மூன்று வெவ்வேறு கம்பெனிகளின் 741-களும் கைவசம் இருந்தால் இதை வீட்டிலேயே பார்க்கலாம். 100 ஹெர்ட்ஸில் 10 மில்லிவோல்ட் சிக்னலைக் கொடுத்து, மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து வெளியீட்டை அளந்துகொள்ளுங்கள். சப்ளையை அணைத்துவிட்டு ஐ.சி.யை மாற்றுங்கள், மறுபடி அளங்கள். மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். பிறகு ஐ.சி.யைத் தொடாமல், அந்த 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை மட்டும் கழற்றிவிட்டு 5 சதவீத ரகத்தில் இன்னொன்றைப் போட்டு அளந்து பாருங்கள். எண் நகர்ந்திருக்கும்.